கால் வலின்னுதான் ஆரம்பிச்சது

மழலை அம்மா:
பையனுக்கு அப்போ நாலு வயசு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு அழுவான். "வளர்ற வலிதான்"னு டாக்டர் சொன்னார். ஆனா விடிஞ்ச பிறகும் ஒரு காலை ஊன மாட்டான், தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவான். மூணாவது வாரம் குளிப்பாட்டும்போது பார்த்தா முதுகுல ரெண்டு இடம் கன்றிப்போய் இருந்தது. முதுகை எங்க போய் இடிச்சிருப்பான்? கணுக்கால்ல ஊசிமுனை அளவு செம்புள்ளிங்க, விரலால அழுத்தினாலும் மறையல. கீழ் இமைக்குள்ள வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.4, தட்டணு 21,000, ரெண்டுமே ரொம்பக் குறைவு. கடைசியில ரத்தப் புற்றுநோய்னு சொல்லி முதுகுல ஊசி வரைக்கும் போட்டாங்க.

பொன்வண்டு:
வெள்ளணு லட்சத்தைத் தாண்டினாத்தானே ரத்தப் புற்றுநோய்? எங்க பொண்ணுக்கும் கால் வலி, வெள்ளணு 7,000. பயமில்லைதானே?

வார்டு செவிலி:
குழந்தைகள் புற்றுநோய் வார்டுல இருக்கேன். அந்த ஒரு எண்ணை நம்பாதீங்க. எங்ககிட்ட வர்றதுல கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைங்களுக்கு வெள்ளணு 10,000க்குள்ளதான் இருக்கும். வளர்ற வலி பெரும்பாலும் ரெண்டு கால்லயும் சாயங்காலம் வரும், காலையில பிள்ளை ஓடும். நொண்டினா ரத்தத்தை ஸ்லைடுல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, மூட்டுவாதம்னு அவசரப்பட்டு ஸ்டீராய்டு கொடுத்துடக் கூடாது. அது புற்றுநோய்ச் செல்களையும் கொல்லும். வலி அடங்கிடும், நோய் சில வாரம் மறைஞ்சு கிடக்கும், எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாலும் குழப்பமா இருக்கும்.

பொன்வண்டு:
அவ காலையில நல்லா ஓடுறா மேடம். ஆனாலும் ஸ்லைடு பார்த்துடறேன்.

தோணி:
எங்க சித்தப்பாவுக்கும் ரத்தப் புற்றுநோய்தான். தினம் ஒரு மாத்திரை, வேலைக்கும் போறார். குழந்தைக்கு எதுக்கு முதுகுல எல்லாம் ஊசி?

மழலை அம்மா:
அவருக்கு நாள்பட்ட வகையா இருக்கும் தம்பி. இவனுக்கு வந்தது வேகமா பெருகுறது. முதல் மாசம் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, தினமும் ஸ்டீராய்டு, கூடவே அஸ்பாரஜினேஸ் ஊசி. இதெல்லாம் மூளைப் பக்கம் போதுமான அளவு போய்ச் சேராதாம், அதான் முதுகு வழியா தண்டுவட நீருக்குள்ள மெத்தோட்ரெக்சேட் மருந்து. 29ஆம் நாள் மஜ்ஜையில மைக்ராஸ்கோப்புக்கு எதுவும் தெரியல. நோய் போயிடுச்சுன்னு வீட்டுக்காரர் சந்தோஷத்துல அழுதே விட்டார். டாக்டர் இன்னொரு தாளைக் காட்டினாங்க: எஞ்சிய நோய், பத்தாயிரத்துல ஒரு செல்லுக்கும் கீழ. "நல்ல முடிவு. ஆனா உடம்பு முழுக்கக் கணக்குப் போட்டா இன்னும் கோடிக்கணக்குல இருக்கலாம். இப்ப நிறுத்தினா திரும்ப வந்துடும்"னாங்க. அப்புறம் பல மாசம் தீவிர மருந்து. இப்ப பராமரிப்புக் கட்டம்: தினம் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. மொத்தம் ரெண்டரை வருஷம்.

போன வாரத்திலிருந்து மறுபடியும் கால் வலிங்கிறான். ரத்தம் சரியாத்தான் இருக்கு.

வார்டு செவிலி:
வின்கிறிஸ்டின் நரம்பைப் பாதிச்சிருக்கலாம், ஸ்டீராய்டால இடுப்பெலும்பு கெட்டிருக்கலாம். நோய் திரும்பலைன்னு இங்கிருந்து என்னால சொல்ல முடியாதும்மா. அடுத்த தேதிவரை காத்திருக்காதீங்க.

மழலை அம்மா:
நாளைக்குக் காலையில கிளம்பறோம்.