எங்கள் குடும்பக் குழு: எண்ணெய் வழியும் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்

மீனா: பெரியம்மா, அத்தை, எல்லோருக்கும் வணக்கம். காலை ஏழரை மணிக்குச் சந்தனக் கீற்று இட்டு, அதன் கீழே குங்குமம் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். பதினோரு மணி வகுப்புக்குள் சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்துவிடுகிறது. குங்குமம் இளகி மூக்கின் மேல்பகுதி வரை இறங்கிவிடுகிறது. எனக்கு நெற்றியில் எண்ணெய் அதிகம். மாலை வரை நிற்க வழி சொல்லுங்கள்.

சிவகுமார் மாமா: மீனா, குங்குமம் வைக்கும் இடத்தில் முதலில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள். பொடி ஒட்டுவதற்கு ஒரு பிடி வேண்டும். உன் அத்தை பல ஆண்டுகளாக அப்படித்தான் வைக்கிறாள்.

ராஜி சித்தி: ஸ்டிக்கர் பொட்டைப் பற்றியா கேட்கிறாய் மீனா? அதை விட்டுவிடு. தொடர்ந்து ஒரே இடத்தில் ஒட்டியதால் எனக்கு அங்கே முதலில் அரிப்பு வந்தது, பிறகு தோல் வெளுத்துவிட்டது. பசையில் உள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்குத் தோலின் நிறத்தையே எடுத்துவிடும் என்று தோல் மருத்துவர் சொன்னார்.

மீனா: சித்தி, நான் ஸ்டிக்கர் வைப்பதில்லை, சந்தனமும் குங்குமமும்தான். உங்களுக்கு அந்த வெள்ளை பரவாமல் நின்றுவிட்டதா?

ராஜி சித்தி: ஸ்டிக்கரை நிறுத்திய பிறகு பரவவில்லை. ஆனால் பழைய நிறம் முழுவதுமாகத் திரும்பவும் இல்லை. அரிப்பு தொடங்கிய அன்றே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை மட்டும் எல்லாப் பெண்களும் நினைவில் வையுங்கள்.

வசந்தா பெரியம்மா: மீனா, உன் நெற்றியில் நடப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள், இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. சந்தனம் தண்ணீரில் குழைத்தது, எண்ணெய் இருக்கும் தோலைப் பற்றாது. குங்குமமோ உலர்ந்த பொடி. அது எண்ணெயை உறிஞ்சிக் கருத்து, இளகி, வழியும். மாமா சொல்வதில் பாதி சரி. பொடிக்குப் பிடி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வாசலின் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், எண்ணெய்ப் பசை உள்ள நெற்றியில் அது இன்னொரு எண்ணெயாகத்தான் சேரும். அத்தைக்கு வறண்ட தோல், அதனால் அவருக்கு நிற்கிறது. உனக்குத் தேன்மெழுகுதான் சரிப்படும், அது 60 டிகிரிக்கு மேல்தான் உருகும்.

சிவகுமார் மாமா: தேன்மெழுகு கட்டியாக இருக்குமே, நெற்றியில் எப்படித் தடவுவது?

வசந்தா பெரியம்மா: மூன்று பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு விளக்கெண்ணெய் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வேறொரு கிண்ணத்தை வைத்து உருக்கி, சிறு டப்பியில் ஊற்றி ஆறவிடவேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், மெழுகு தீப்பற்றும். இவளுக்கு எண்ணெயை இன்னும் குறைத்து, நான்குக்கு ஒன்று என்று வைத்தாலும் நன்றாக இருக்கும். பூசைச் சாமான் கடைகளில் பொட்டு மெழுகு ஆயத்தமாகவும் கிடைக்கிறது. வாங்கும்போது விரலில் தேய்த்துப் பார்த்து, வழவழவென்று வழுக்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

மீனா: சந்தனத்துக்கு என்ன செய்வது பெரியம்மா? நெற்றியில் பவுடர் பூசிவிட்டு இடுகிறேன், அப்படியும் உதிர்கிறது.

வசந்தா பெரியம்மா: அந்தப் பவுடர்தான் உதிர்க்கிறது. சந்தனம் பவுடரைப் பிடிக்கிறதே தவிர உன் தோலைப் பிடிக்கவில்லை. காய்ந்தவுடன் இரண்டும் சேர்ந்தே கழன்று வருகின்றன. குளிக்கும்போது கடலை மாவு போட்டு, முடி தொடங்கும் இடம் வரை நெற்றியைக் கழுவு. தலைக்கு எண்ணெய் வைப்பதானால் முந்தின இரவே வைத்துவிடு. காலையில் வைத்தால் சீவும்போதே அது நெற்றிக்கு இறங்கிவிடும். வெந்நீரில் குளித்தால் வியர்வை அடங்கப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை பொறுத்திரு. பிறகு பழைய பருத்தித் துணியை நெற்றியில் அழுத்தி ஒற்றி எடு, தேய்க்காதே.

அடுத்தது சந்தனக் குழைவு. கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டையைத் தேய்த்து, விரலில் எடுத்தால் சொட்டாமல் நிற்கும் பதத்தில் வழித்துக்கொள். மோதிர விரலால் தோல் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிதாக இடு. அது காய்ந்த பிறகு, வெளிறித் தெரியும் இடத்தில் மட்டும் இரண்டாம் முறை இடு. ஒரே தடவையில் தடிமனாக இட்டால், உலரும்போது சுருங்கி, வற்றிய குளத்துச் சேறு போல வெடித்துவிடும். ஓரம் கோணலானால், ஈரம் இருக்கும்போதே நனைத்த பஞ்சின் நுனியால் துடைத்து நேராக்கலாம். காய்ந்த பின் துடைத்தால் ஓரம் பிசிறாகிவிடும்.

பாலா: நான் கடைச் சந்தனப் பொடியைப் பன்னீரில் குழைத்து இடுகிறேன் பெரியம்மா, எனக்குப் பாதி நாள் நன்றாகவே நிற்கிறது. கட்டை வாங்க இப்போது கட்டுப்படியாகுமா?

வசந்தா பெரியம்மா: மாவும் மணமும் கலந்த பொடிகள் பல இருக்கின்றன, அவை உலர்ந்ததும் தூளாகிவிடும் என்பது என் எண்ணம். உன்னுடையது நிற்கிறது என்றால் நீ அதையே வைத்துக்கொள். மீனாவுக்கு அது சரிப்படுமா என்பதை இட்டுப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

மீனா: ஒரு சந்தேகம். குங்குமத்தைச் சந்தனத்தின் மேலேயே வைத்தால் மெழுகு வேண்டுமா?

வசந்தா பெரியம்மா: வேண்டாம். சந்தனம் அரை உலர்வில், தொட்டால் குளிர்ச்சி தெரியும், ஆனால் விரலில் ஒட்டாது. அந்த வேளையில் உலர்ந்த குங்குமத்தை விரல் நுனியால் அழுத்தி வை. அதற்கு முன்பே வைத்தால் சிவப்பு ஊறிப் பரவும், பிந்தினால் பொடி நிற்காது. தனியாகக் கீழே வைப்பதென்றால் மிளகளவு மெழுகை மட்டும் தேய்த்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி, மிகுதியை உலர்ந்த பஞ்சால் தட்டிவிடு.

குங்குமம் மஞ்சளில் செய்ததுதானா என்பதையும் பார்த்துக்கொள். சிட்டிகையளவு குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால், மஞ்சள் குங்குமம் மஞ்சள் நிறத்துக்குத் திரும்பும். சாயம் என்றால் சிவப்பாகவே இருக்கும். எண்ணெய் நெற்றியில் கறை பிடித்து எடுப்பதற்குச் சிரமம் கொடுப்பதும் அதுவே.

*(மறுநாள் மாலை)*

மீனா: பெரியம்மா, இன்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். சந்தனம் நான்கு மணி வரை வெடிக்கவில்லை. குங்குமம் மட்டும் மதிய உணவுக்குப் பிறகு ஒரு பக்கம் செம்மண் வளையம் போலக் கலங்கியது.

வசந்தா பெரியம்மா: வளையம் கட்டினால் மெழுகு கூடிவிட்டது அல்லது வியர்வையைத் துடைத்திருக்கிறாய். எதனால் துடைத்தாய்?

மீனா: புடவைத் தலைப்பால்தான், குறுக்காக இழுத்துத் துடைத்தேன்.

வசந்தா பெரியம்மா: நாளை கைக்குட்டையை நான்காக மடித்து, பொட்டுக்கு மேலும் பக்கங்களிலும் மட்டும் ஒற்று, பொட்டைத் தொடாதே. எண்ணெய் திரும்பச் சுரப்பதை நிறுத்த முடியாது, ஒற்றி எடுக்கத்தான் முடியும். மெழுகைப் பாதியாகக் குறைத்து வைத்துப் பார்.

ராஜி சித்தி: மெழுகு வைத்த இடத்தில் அரிப்பு வந்தால் மறைக்காமல் எழுது மீனா.

சிவகுமார் மாமா: வசந்தா அக்கா, மெழுகு உருக்கும்போது எனக்கும் ஒரு டப்பி எடுத்து வையுங்கள். கோவிலுக்குப் போகும் நாட்களில் என் சந்தனப் பொட்டின் நடுவில் வைக்கும் குங்குமமும் சட்டையில்தான் விழுகிறது.

வசந்தா பெரியம்மா: தம்பி, சந்தனத்தின் மேல் வைப்பதற்கு மெழுகு வேண்டாம் என்று மீனாவிடம் இப்போதுதான் சொன்னேன். அரை உலர்வில் அழுத்தி வை. டப்பி உன் மனைவிக்குத் தருகிறேன்.