1902 ரைட் கிளைடர் மாதிரி: தாழ்ந்த இறக்கையைத் தூக்கப் போனால் அந்தப் பக்கமே சுழன்று விழுகிறது

பால்சாத்தூள்

வணக்கம். ரைட் சகோதரர்களின் 1902 கிளைடரை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்திருக்கிறேன். இறக்கை விரிவு 122 செ.மீ., அகலம் 19 செ.மீ., மொத்த எடை 450 கிராம். எய்லரான் கிடையாது. அசலில் இருந்ததுபோல நூல் இழுத்து இறக்கையையே முறுக்குகிறேன், அதற்கு ஒரு சர்வோ. முன்னால் எலிவேட்டருக்கு இன்னொன்று. பின்னால் அசையாத இரண்டு செங்குத்துத் தகடுகள், படத்தில் பார்த்தபடி.

பிரச்சினை இதுதான். நேராகப் போகும்போது ஒழுங்காகத்தான் போகிறது. வலது இறக்கை கொஞ்சம் தாழ்ந்தால், அதைத் தூக்க இடப்பக்கம் முறுக்கு கொடுக்கிறேன். தூக்குவதற்குப் பதில் மூக்கு வலப்பக்கம் திரும்பி, சாய்வு இன்னும் கூடி, சுழன்றபடியே தரையில் குத்துகிறது. தகடுகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போது வேறு கூத்து: வலப்பக்கம் சாய்த்தால் முதலில் சாய்கிறது, ஆனால் மூக்கு இடப்பக்கம் போய்விடுகிறது. எங்கே தப்பு?

சர்வோமணி

ப்ரோ, சர்வோ ரிவர்ஸில் இருக்கு. டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனலை மாற்றிப் போட்டுப் பாருங்க, முடிஞ்சது.

பால்சாத்தூள்

இல்லைங்க, பார்த்துவிட்டேன். இடப்பக்கம் முறுக்கினால் வலது இறக்கையின் பின்விளிம்பு கீழே இறங்குகிறது, இடது மேலே போகிறது. திசை சரிதான். தகடு இல்லாதபோது சாய்வு சரியான பக்கம்தான் தொடங்குகிறது, மூக்குதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

கம்பிக்கட்டு

உங்கள் மாதிரியில் தப்பு இல்லை. தப்பையும் சேர்த்தே அச்சாகப் பிரதி எடுத்திருக்கிறீர்கள்! தகடு இல்லாமல் நீங்கள் பார்த்தது 1901இல் அவர்களைக் குழப்பியது. தகடோடு பார்த்தது 1902 செப்டம்பரில் கில் டெவில் ஹில்ஸ் மணலில் அவர்களை விழவைத்தது. கிணறு தோண்டுவது என்று அதற்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். விழுந்த இடத்தில் மணலில் பள்ளம் விழும், அதனால்.

முதலில் தகடு இல்லாத கதை. ஓர் இறக்கையின் பின்விளிம்பைக் கீழே முறுக்கினால் அது காற்றைப் பெரிய கோணத்தில் சந்திக்கிறது. தூக்குவிசை கூடுகிறது, கூடவே இழுவையும் கூடுகிறது. எதிர் இறக்கையில் இரண்டும் குறைகின்றன. ஆக, எந்த இறக்கை மேலே எழுகிறதோ அதுவே பின்னால் இழுபடுகிறது, மூக்கு அந்தப் பக்கம் திரும்புகிறது. வலப்பக்கம் சாய்க்க இடது இறக்கையைத் தூக்கினீர்கள், மூக்கு இடப்பக்கம் போனது. அப்படியே விட்டால் பின்தங்கிய இடது இறக்கையின் வேகம் குறைந்து, கிடைத்த தூக்குவிசையும் போய், சாய்வே தலைகீழாகிவிடும்.

இதைத் தடுக்கத்தான் 1902இல் பின்னால் தகடு வைத்தார்கள். மூக்கு ஒரு பக்கம் ஓடப் பார்த்தால் தகட்டில் காற்று அடித்து நேராக்கிவிடும் என்று கணக்கு. லேசான திருப்பங்களில் கணக்கு பலித்தது. வலது இறக்கை தாழ்ந்து, விமானம் வலப்பக்கமாகச் சறுக்கத் தொடங்கும்போதுதான் வினை. அப்போது காற்று வலப்பக்கத்திலிருந்து தகட்டில் மோதி வாலை இடப்பக்கம் தள்ளும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். தாழ்ந்த இறக்கை உள்வட்டத்துக்குப் போய் வேகம் இழக்கும். அதைத் தூக்க நீங்கள் முறுக்கினால் அதே இறக்கையில் இழுவையும் ஏறி, மூக்கை இன்னும் வலப்பக்கம் இழுக்கும். தகடும் முறுக்கும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. நீங்கள் சொன்ன சுழற்சி இதுதான்.

அக்டோபர் தொடக்கத்தில் ஆர்வில் ரைட் ஒரு யோசனை சொன்னார்: தகட்டை அசையும் சுக்கானாக்கிவிடுவோம். தாழ்ந்த இறக்கைக்கு எதிர்ப்பக்கம் அதைத் திருப்பினால் இழுவைக்கு ஈடு கட்டலாம். வில்பர் அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: சுக்கான் கம்பியை இறக்கை முறுக்கும் கம்பியோடு கட்டிவிடலாம். ஓட்டுபவர் குப்புறப் படுத்திருக்கிறார். கை எலிவேட்டரில், இடுப்பு முறுக்குத் தொட்டிலில். மூன்றாவதாக ஒன்றை அசைக்க உடம்பில் மிச்சம் இல்லை. இரண்டு தகடும் போய், ஏறக்குறைய 5 அடி உயர ஒற்றைச் சுக்கான் வந்தது. உங்கள் அளவில் 19 செ.மீ. உயரம், 4.5 செ.மீ. அகலம் வரும்.

காற்றுக்கூம்பு

இவ்வளவு சிரமம் எதற்கு? இறக்கைக்கு மேல்நோக்கிக் கொஞ்சம் வளைவு கொடுத்து, முறுக்கு சர்வோவைக் கழற்றிவிட்டு, சுக்கான் மட்டும் வையுங்கள். சுக்கானைத் திருப்பினால் இறக்கை தானாகச் சாயும். தொடக்கநிலை மாதிரிகள் பாதி அப்படித்தான் பறக்கின்றன. 1908 ஜனவரி 13இல் பாரிஸ் பக்கத்தில் ஹென்றி ஃபார்மன் ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்ததும் சாய்வுக் கட்டுப்பாடு இல்லாத விமானத்தில்தான்.

கம்பிக்கட்டு

மாதிரி விமானம் பறக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஃபார்மன் விஷயமும் சரி. ஆனால் அவர் சுற்றியது அகலமான, தட்டையான சுற்று. சுக்கானைத் திருப்பியதும் விமானம் முதலில் பக்கவாட்டில் சறுக்கும், அந்தச் சறுக்கலிலிருந்துதான் சாய்வு பிறக்கும். நடுவில் ஒரு தாமதம் இருக்கிறது. தரைக்கு அருகில் காற்று ஓர் இறக்கையைத் தட்டிவிட்டால் அந்தத் தாமதத்துக்கு நேரம் கிடைக்காது. அதே ஆண்டு ஆகஸ்ட் 8இல் லே மான் பந்தயத் திடலில் வில்பர் சாய்ந்து திரும்பிக் காட்டினார். ஃபார்மனும் அந்த ஆண்டே எய்லரான் பொருத்திக்கொண்டார்.

தவிர, பால்சாத்தூள் செய்வது 1902 கிளைடர். அதன் இறக்கை நுனிகளைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்திருந்தார்கள். மணல்மேட்டுச் சரிவில் குறுக்குக் காற்று வந்து மேட்டுப்பக்க இறக்கையைத் தூக்கிவிடாமல் இருக்கவே அப்படி. மேல்நோக்கி வளைத்தால் அது வேறு விமானம்.

தெர்மோகோல்ராணி

என் எய்லரான் விமானத்திலும் இதே தொல்லை இருந்தது. மேலே போகும் எய்லரானுக்கு 12 மி.மீ., கீழே இறங்குவதற்கு 6 மி.மீ. என்று வைத்தேன், பெரும்பாலும் அடங்கிவிட்டது. முறுக்கிலும் அதேபோல் வைக்கலாமே?

கம்பிக்கட்டு

நல்ல வழிதான், ஆனால் இந்த அமைப்பில் கஷ்டம். ஒரு பக்கப் பின்மூலையைக் கீழே இழுக்கும் கம்பியே எதிர்ப்பக்க மூலையை மேலே தூக்குகிறது. இந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ அந்தப் பக்கம் அவ்வளவு விட்டாக வேண்டும். இரண்டு சர்வோ, தனித்தனி நூல் என்றால் செய்யலாம். அப்போதும் இழுவை வித்தியாசம் குறையுமே தவிர முழுக்கப் போகாது.

பால்சாத்தூள், நீங்கள் செய்ய வேண்டியது: சுக்கானுக்கு மூன்றாவது சர்வோ. டிரான்ஸ்மிட்டரில் முறுக்குச் சேனலிலிருந்து சுக்கானுக்கு 40% மிக்ஸிங். வலப்பக்கம் சாய்க்கும்போது சுக்கானும் வலப்பக்கம் போக வேண்டும். இதை மட்டும் தரையிலேயே இருமுறை பாருங்கள், தலைகீழாகப் போட்டால் கிணறு இன்னும் ஆழமாக வரும். காற்று இல்லாத காலையில் புல்சரிவில் கையால் விடுங்கள். நேராகப் போகும்போது இடம், வலம் என்று அரை விநாடி வீதம் முறுக்கிக் கொடுத்து, பின்னால் நின்று மூக்கை மட்டும் பாருங்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மூக்கு ஆடினால் 10% கூட்டுங்கள். இறக்கை சாய்வதற்கு முன்பே மூக்கு அந்தப் பக்கம் வெட்டினால் 10% குறையுங்கள். மூக்கு ஓரிடத்தில் நிற்க, இறக்கை மட்டும் ஆட வேண்டும்.

பால்சாத்தூள்

மிக்க நன்றி. செய்தேன், 50%இல் நிற்கிறது. நேர்ப்பறப்பில் வெண்ணெய் மாதிரி போகிறது. ஆனால் மெதுவாகப் போகும்போது மறுபடி மூக்கு எதிர்ப்பக்கம் ஆடுகிறது. இன்னொன்று: ஏறக்குறைய 8 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் உள்பக்க இறக்கை தாழ்ந்துகொண்டே போகிறது. முழு முறுக்கு கொடுத்தும் எழ மாட்டேன் என்கிறது. இரண்டையும் கட்டிவிட்டால் போதும் என்றால், பிற்பாடு எல்லா விமானத்திலும் ஏன் பிரித்தே வைத்தார்கள்?

கம்பிக்கட்டு

உங்கள் இரண்டு புகாரிலேயே பதில் இருக்கிறது.

மெதுவாகப் போகும்போது இறக்கை ஏற்கெனவே பெரிய கோணத்தில் இருக்கிறது. அதே அளவு முறுக்குக்கு அங்கே இழுவை வித்தியாசம் அதிகம், சுக்கானில் அடிக்கும் காற்றோ குறைவு. 50% என்பது ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். மெதுவான பறப்புக்கு ஏற்ப வைத்தால் வேகத்தில் மிஞ்சும்.

இரண்டாவது, சுற்று. நீங்கள் 6 மீ./விநாடி வேகத்தில் 8 மீட்டர் ஆரத்தில் சுற்றுவதாக வையுங்கள். சாய்வு 25 டிகிரியை ஒட்டி வரும். வெளி நுனி 6.4, உள் நுனி 5.6 மீ./விநாடி. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே நுனிகளில் வெளிப்பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதனால் சாய்வு கூடிக்கொண்டே போகிறது. அதை நிறுத்த உள் இறக்கையின் கோணத்தைக் கூட்டுகிறீர்கள். ஏற்கெனவே மெதுவாகப் போகும் இறக்கை அது. எல்லை தாண்டியதும் ஸ்டால் ஆகித் தூக்குவிசையை இழக்கிறது, அதற்கு மேல் எவ்வளவு முறுக்கினாலும் இழுவைதான் கூடும்.

டேட்டன் அருகே ஹஃப்மன் புல்வெளியில் 1904 செப்டம்பர் 20இல் முதல் முழுச்சுற்று சுற்றிய பிறகும், இறுக்கமான சுற்றுகளில் இதே தொல்லை அவர்களைத் துரத்தியது. 1905 இயந்திரத்தில் சுக்கானுக்குத் தனிக் கைப்பிடி வந்தது. ஆனால் தொல்லையின் வேர் பிடிபட்டது அந்த 1905 செப்டம்பர் இறுதியில், ஒரு முள்மரத்தில் மோதப் போய்த் தப்பியபோதுதான். உள் இறக்கைக்கு வேகம் போதவில்லை, முறுக்கு மட்டும் அதை மீட்காது. மருந்து எலிவேட்டரில் இருந்தது: மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தை மீட்டால் முறுக்குக்கு மறுபடி உயிர் வரும். அக்டோபர் 5இல் 39 நிமிடம் விடாமல் சுற்றினார் வில்பர்.

அதனால் மிக்ஸிங்கை ஒரு சுவிட்சில் போட்டு, சுக்கானை இடது குச்சிக்குத் தனியாகக் கொடுங்கள். இறக்கைச் சாய்வான ரோல், மூக்கின் ஏற்ற இறக்கமான பிட்ச், மூக்கின் இடவலத் திருப்பமான யா மூன்றும் ஒன்றோடொன்று பின்னித்தான் வரும், ஆனால் எதற்கு எவ்வளவு என்பது வேகத்துக்கு வேகம், சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. இறக்கை எழவில்லை என்றால் முறுக்கைத் தளர்த்தி, எலிவேட்டரால் மூக்கைத் தாழ்த்தி, வேகம் வந்த பிறகு மறுபடி முறுக்குங்கள்.

காற்றுக்கூம்பு

சரி, சாய்வுக் கட்டுப்பாடு தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறையப் பயணி விமானங்களில் கணினிதானே சாய்வுக்கு ஏற்ப சுக்கானைத் தானே திருப்புகிறது? அதுவும் கட்டியதுதானே?

கம்பிக்கட்டு

அது ஒரே விகிதத்தில் கட்டியது இல்லை, வேகத்துக்கு ஏற்ப அளவை மாற்றுவது. பக்கக் காற்றில் இறங்கும்போது வலப்பக்கம் சாய்த்து இடப்பக்கம் சுக்கான் கொடுக்க வேண்டிவரும். நிரந்தரமாகக் கட்டியிருந்தால் அது முடியாது. அதனால் அங்கேயும் சுக்கான் மிதி தனியாகத்தான் இருக்கிறது.

பால்சாத்தூள்

மூக்கைத் தாழ்த்தியதும் உள் இறக்கை எழுந்துவிட்டது. சுக்கானும் தனிக் குச்சியில் வந்துவிட்டது. இப்போது எலிவேட்டர்தான் பாக்கி, துளி தொட்டால் அலைபோல ஏறி இறங்குகிறது. 20 கிராம் ஈயம் முன்னால் வைத்தேன், கொஞ்சம் தேவலை.

தெர்மோகோல்ராணி

எலிவேட்டர் அசைவைப் பாதியாக்குங்க, எக்ஸ்போ 40% போடுங்க.

கம்பிக்கட்டு

இரண்டையும் செய்யுங்கள், ஈயத்தையும் ஐந்தைந்து கிராமாகக் கூட்டிப் பாருங்கள். எடை முன்னால் போகப் போக அலை அடங்கும், ஆனால் எலிவேட்டர் அதிகம் சுமக்க வேண்டிவரும், விமானமும் வேகமாகத்தான் பறக்கும். அசலே இந்த விஷயத்தில் நிலைப்பில்லாதது, 1903 டிசம்பர் 17 பறப்பும் ஏறி இறங்கித்தான் போனது. உங்கள் எடைக்கு எங்கே நிற்கும் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. இப்போது எடைமையம் முன்விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ.யில் இருக்கிறது, அளந்து போடுங்கள்.