கண்ணெதிரே பார்த்த ‘மறுப்பு’, ‘புறத்தேற்றம்’: உங்கள் அனுபவங்கள்

வெண்மேகம்:
அக்காவின் பயாப்சி முடிவை டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் வரி வரியாகப் படித்தார். அக்கா நிதானமாகத்தான் கேட்டாள், அடுத்து எப்போது வரவேண்டும் என்றுகூட விசாரித்தாள். படியிறங்கும்போது, “ரிப்போர்ட் மாறிப்போச்சு, பாவம் அந்தப் பொண்ணு” என்றாள். எந்தப் பெண்? வெளியே காத்திருந்தவளாம். அந்த ‘பாவம்’ இன்னும் என் காதில் இருக்கிறது.

கரையோரம்:
இது ஒடுக்கம். தாங்க முடியாததை மனம் புதைத்துவிடும். தம்பி வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மயங்கினான். விழுந்த நொடியே அவனுக்கு ஞாபகமில்லை. அதே கதைதான்.

பழையதிண்ணை:
இரண்டும் வேறு. தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு அந்த நொடி மூளையில் பதிந்தே இருக்காது, புதைக்க என்ன இருக்கிறது? அக்காவோ எதையும் மறக்கவில்லை, டாக்டர் சொன்னது முழுவதும் அவளிடம் இருக்கிறது. ‘எனக்கு’ என்பதை மட்டும் கழற்றிவிட்டாள். அது மறுப்பு. ஒடுக்கத்தில் நினைவே கைக்கு எட்டாது. அப்படி ஒன்று உண்மையில் நடக்கிறதா என்று ஆய்வாளர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள்.

நான் பக்கவாத வார்டில் வேலை பார்த்தவன். இடது கை அசையாத ஒருவர், “கை நல்லாத்தான் இருக்கு” என்பார். பார்க்க மறுப்பு போலவே இருக்கும். ஆனால் அது மூளையின் வலப்பக்கம் பழுதானதால் வருவது. கையைத் தூக்கச் சொன்னால் பதறமாட்டார், சும்மா பார்ப்பார். மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் மறுப்பில், விஷயத்தை நெருங்கினால் பெரும்பாலும் கோபமோ பதற்றமோ வரும்.

மழைக்குருவி:
என்னுடையது சின்னது. எனக்குப் பதவி உயர்வு அறிவித்த அன்று பக்கத்து மேசைக்காரர் வந்து, “என்னைப் பார்த்து உங்களுக்கு ஏன் இவ்வளவு பொறாமை?” என்றார். எனக்கா! தன் பொறாமையை என் மேல் ஏற்றிவிட்டார். புறத்தேற்றம் என்றால் இதுதான்.

கரையோரம்:
உங்களுக்குப் பொறாமையே இல்லை என்று எப்படித் தெரியும்? இந்தச் சொல் கிடைத்ததும் எல்லோரும் அடுத்தவர் மேல் ஒட்டுகிறார்கள்.

பழையதிண்ணை:
அதில் நியாயம் இருக்கிறது. அவர் தன் பொறாமையைத் தெரிந்தே உங்கள் மேல் போட்டிருந்தால் அது வெறும் சீண்டல். தனக்குள் இருப்பது தனக்கே தெரியாதபோதுதான் புறத்தேற்றம். ஒரு வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தெளிநீர்:
வெண்மேகம், அக்காவிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் அவர் பெயரை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். பெரியவர்களைக் கூட்டிவைத்துப் பேசுங்கள். கூடவே தியானம், காலை நடை, நல்ல புத்தகம். மனதைத் திடப்படுத்தினால் எல்லாம் சரியாகும். என் நாத்தனாருக்கு இப்படித்தான்… அதைத் தனியாக எழுதுகிறேன்.

வெண்மேகம்:
நான் ஆலோசனை கேட்கவில்லை. பெயரைக் காட்டினேன், “பேரும் ஒண்ணா இருக்கும்” என்றாள்.

பழையதிண்ணை:
அடிக்கோடு போட்டால் பிடி இன்னும் இறுகும். முதல் சில நாள் மறுப்பு அதிர்ச்சியைத் தாங்க ஓர் இடைவெளி, அதை உடைக்க அவசரமில்லை. சிகிச்சைத் தேதிக்குப் போகிறாளா என்று மட்டும் பாருங்கள். தேதி நழுவினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெண்மேகம்:
நேற்றுதான் தேதி. “அந்தப் பொண்ணை முதல்ல கூப்பிடச் சொல்லு” என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். டாக்டருக்கு இப்போது போன் செய்கிறேன்.