வேறொருவர் பெயரில் பேங்க் ஸ்டேட்மென்ட் வந்திருக்கிறது, காரணம் சொல்லவில்லை

யாழினி
கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. தெரிந்த வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் மட்டும் அனுப்பியிருக்கிறார். மூன்று மாத ஸ்டேட்மென்ட், மேலே உள்ள பெயர் அவருடையது இல்லை. எதற்கு என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இந்த மாதிரி வந்ததைக் கையாண்டவர்கள் சொல்லுங்கள்.

தாமோதரன்
அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள். நம் கையில் இல்லாததற்கு நாம் பொறுப்பில்லை.

இளவரசு
அழிக்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் இல்லை. சத்தமில்லாமல் அழித்தால், தன்னுடைய ஸ்டேட்மென்டைத்தான் அனுப்பியதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அதே ஃபைல் இன்னும் நாலு பேருக்குப் போகும்.

முதலில் கேளுங்கள். கேட்கும்போது பெயர், கணக்கு எண், மீதித் தொகை எதையும் எழுதாதீர்கள். "காலை 11.20க்கு நீங்கள் அனுப்பிய பிடிஎஃப் வேறொருவர் பெயரில் இருக்கிறது. எதற்காக அனுப்பினீர்கள்? தவறி வந்ததென்றால் உங்கள் பக்கம் Delete for everyone கொடுங்கள், என் பக்கமும் அழிக்கிறேன்." இது போதும். அந்த ஃபைலையே இழுத்து ரிப்ளை செய்யாதீர்கள். ஃபைல் பெயரிலேயே கணக்கு எண் இருப்பது சகஜம். "இது யாருடையது பாருங்க" என்று பக்கத்து சீட்டுக்கு ஃபார்வர்டு செய்வதுதான் பெரிய தப்பு. அந்த நொடியில் பிரதி இரண்டாகிவிடுகிறது.

கீதா
எனக்கும் இதே பிரச்சினை. என் ஸ்டேட்மென்டில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வருகிறது, வேறு ஆள் மாதிரி இருக்கிறது. எப்படி மாற்றுவது?

இளவரசு
அது வேறு கதைம்மா, அடையாள ஆவணத்தோடு உங்கள் கிளையில் பெயர்த் திருத்தம் கேளுங்கள். ஆனால் யாழினிக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இனிஷியல் விரிந்திருக்கிறதா, கல்யாணத்துக்கு முந்தைய பெயரா என்று பார்த்துவிட்டே "வேறொருவர்" என்ற முடிவுக்கு வாருங்கள்.

ரஹீம்
தெரியாத நம்பரிலிருந்து வந்தால் கதையே வேறு. அந்தத் தாளில் உங்கள் கணக்குக்குப் பணம் போட்டதாக ஒரு வரி இருக்கும். அரை மணி நேரத்தில் ஃபோன் வரும்: "தவறி அனுப்பிட்டேன், திருப்பிப் போடுங்க." தாளை நம்பாமல் உங்கள் ஆப்பைத் திறந்து உங்கள் கணக்கைப் பாருங்கள். நிஜமாகவே பணம் வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள். உங்கள் வங்கியிடம் சொல்லித் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு தடவை அனுப்பி, பிறகு வங்கியும் முதல் வரவைத் திரும்ப எடுத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்கு. ஸ்டேட்மென்டில் அச்சாகியிருக்கும் ஃபோன் எண்ணுக்கும் கூப்பிடாதீர்கள், அதுவும் அவர்கள் போட்டதாக இருக்கலாம்.

போலியைக் கண்டுபிடிக்க மீதியைக் கூட்டிப் பாருங்கள். மீதி 58,400, அடுத்த வரியில் 45,000 பற்று என்றால் 13,400 வர வேண்டும். நடுவில் வரியைச் செருகியவர்கள் கீழே உள்ள மீதியை மாற்ற மறந்துவிடுவார்கள், 58,400 அப்படியே நிற்கும்.

இளவரசு
கூட்டல் தப்பினால் சந்தேகப்படலாம். சரியாக வந்தால் அசல் என்று அர்த்தமில்லை, எக்செல் கூட்டிக் கொடுத்துவிடும். அதோடு, கூட்டிப் பார்க்க ஒருவருடைய வரவுசெலவை வரி வரியாகப் படிக்க வேண்டும். தெரிந்தவர் அனுப்பியதில் அந்த வேலை எதற்கு?

ரஹீம்
மோசடியா என்று தெரிய வேண்டாமா? இதில் நான் ஒத்துப்போகவில்லை.

சுபா
மெயிலில் மாதாமாதம் வந்தால் யாரோ உங்கள் முகவரியைத் தங்களுடையதாகக் கொடுத்திருப்பார்கள். ஜிமெயில் முகவரியில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிதான், அதில் குழம்புகிறவர்கள் உண்டு. பிளாக் செய்தால் உங்கள் கண்ணுக்குத்தான் மறையும், அனுப்புவது நிற்காது. வங்கியின் இணையதளத்தில் உள்ள வாடிக்கையாளர் சேவைக்கு, வந்த தேதியும் கணக்கின் கடைசி நாலு இலக்கமும் மட்டும் சொல்லி, "என் முகவரியை நீக்குங்கள்" என்று கேளுங்கள். ஸ்டேட்மென்டை இணைக்க வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கும் ஃபைலைத் திறக்க முயலவும் வேண்டாம்.

யாழினி
பதில் வந்துவிட்டது. மச்சானுடையதாம். "சும்மா பார்த்து வையுங்க, லோனுக்குத் தேவைப்படும்" என்கிறார்.

இளவரசு
உங்கள் வாடிக்கையாளர் சம்மதித்தால் மச்சான் சம்மதித்ததாக ஆகாது. கணக்குக்காரரே தன் நம்பரிலிருந்து, எந்த வேலைக்கு என்று ஒரு வரி எழுதி அனுப்பட்டும். இப்போது வந்ததை அழித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் சாட்டில் அழித்ததோடு விடாமல், ஃபைல் மேனேஜரில் Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents ஃபோல்டரையும் பாருங்கள். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் வழியாகத் திறந்திருந்தால் Downloads, பிறகு Recycle Bin. பிரிண்ட் எடுத்திருந்தால் கிழித்துப் போடுங்கள்.

தாமோதரன்
நாளைக்கு "அனுப்பினேனே" என்று சண்டைக்கு வந்தால்?

இளவரசு
சாட்டில் கேள்வியும் பதிலும் இருக்கிறதே. ஃபைல் வந்த நேரம், அழித்த நேரம் இரண்டையும் அலுவலக நோட்டில் ஒரு வரி குறித்தால் போதும்.

ரஹீம்
பதிலே வராவிட்டால் எத்தனை நாள் வைத்திருப்பது? நான் ஒரு வாரம் என்பேன்.

சுபா
எனக்கு இரண்டு நாளே அதிகம்.