தொடர் மொத்தத்தில் 3 லட்சம் வரவில்லை: மேல் செல்லைக் கூட்டுவதா, SUM போடுவதா?

ஜவுளிக்கணக்கு
எங்கள் ஜவுளிக்கடையின் மாத விற்பனையை எக்செலில் வைத்திருக்கிறோம். ஏப்ரல் முதல் மார்ச் வரை B2 முதல் B13, எல்லாம் லட்சத்தில். C-யில் தொடர் மொத்தம்: C2-வில் =B2, C3-இல் =C2+B3, அதை அப்படியே கீழே இழுத்தது. மார்ச்சில் 120 வருகிறது. தீபாவளிக்குப் போட்ட தனி ஸ்டால் விற்பனை 3 லட்சம் விட்டுப்போயிருந்தது. அக்டோபருக்குக் கீழே ஒரு வரி நுழைத்து அதைச் சேர்த்தேன். மார்ச் இன்னும் 120-லேயே நிற்கிறது. ஏன்? D-யில் குவிவு சதவீதமும் வேண்டும், எதால் வகுக்க வேண்டும்?

பேரேடு
அக்டோபர் 8-ஆம் வரி, நவம்பர் 9-ஆம் வரி. நவம்பரின் ஃபார்முலா =C8+B9. நடுவில் வரி நுழைந்ததும் நவம்பர் 10-க்கு இறங்கும், ஃபார்முலா =C8+B10 ஆகும். அது இன்னும் அக்டோபரையே பிடித்துக்கொண்டிருக்கிறது, புது வரியைத் தாண்டிப் போகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம்.

C-யை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். அக்டோபரில் 75, ஸ்டால் வரியில் 78, நவம்பரில் 83 என்று இருக்கும். நவம்பர் விற்பனை 8, ஆனால் மொத்தம் 5 தான் ஏறியிருக்கிறது. அந்த 3 அங்கேதான் விழுந்திருக்கிறது.

C2-வில் இதைப் போட்டுக் கடைசி வரை இழுங்கள்:

```
=SUM(B$2:B2)
```

இனி நடுவில் வரி நுழைத்தால் கீழே உள்ள எல்லா வரம்பும் தானே நீளும். புது வரியின் C செல்லில் மட்டும் மேலிருந்து ஒருமுறை நகலெடுத்தால் போதும். நவம்பர் 86 ஆகும், மார்ச் 123.

கிடங்குக்காரன்
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். SUM ஒவ்வொரு வரியிலும் முதலிலிருந்து திரும்பக் கூட்டுகிறது. எங்களிடம் தினசரி பில் வரிகள் 50,000 இருக்கின்றன, அதில் இதைப் போட்டால் ஃபைல் அசையாது. மேல் செல்லோடு இந்த மாதத்தைக் கூட்டுவதுதான் கணக்குப் புத்தகத்தின் வழக்கமும். ஆடிட்டர் ஒவ்வொரு வரியையும் கையாலேயே சரிபார்க்கலாம்.

பேரேடு
50,000 வரிக்கு நீங்கள் சொல்வது சரி, அங்கே கிட்டத்தட்ட 125 கோடிக் கூட்டல் ஆகும். 12 மாதத்துக்கு 78 கூட்டல்தான். இவர் கேட்டது மாதக் கணக்கு.

கிடங்குக்காரன்
சரி, வேகத்தை விடுங்கள். ஏப்ரலுக்கு மேலே ஒரு வரி நுழைத்துப் பாருங்கள். உங்கள் B$2 உடனே B$3 ஆகிவிடும், புது முதல் வரி கணக்கில் வராது. அதுவும் சத்தமில்லாமல்தான் நடக்கிறது. பிறகு உங்கள் முறை எப்படிப் பாதுகாப்பானது?

பேரேடு
நல்ல கேள்வி. தலைப்பு வரியிலிருந்தே வரம்பைத் தொடங்கினால் அது நடக்காது:

```
=SUM(B$1:B2)
```

B1-இல் "விற்பனை" என்ற எழுத்துதான் இருக்கிறது, வரம்புக்குள் இருக்கும் எழுத்தை SUM கண்டுகொள்ளாது. தலைப்புக்குக் கீழே எங்கே வரி நுழைத்தாலும் அது வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் தலைப்பில் 2024 என்று எண்ணாக இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். தேதியாக இருந்தால் இன்னும் மோசம், தேதி உள்ளே 45,000-ஐ ஒட்டிய எண்ணாக இருக்கும். தலைப்பு எழுத்தாகத்தான் இருக்க வேண்டும்.

கிடங்குக்காரன்
மேல் செல் முறையையும் அதே அளவு உறுதியாக்கலாம். C2-விலிருந்து =SUM(OFFSET(C2,-1,0),B2) போடுங்கள். வரி நுழைந்தாலும் நீக்கினாலும் அது எப்போதும் தனக்கு நேர் மேலே உள்ள செல்லைத்தான் எடுக்கும்.

பேரேடு
வேலை செய்யும். ஆனால் OFFSET தாளில் எந்த மாற்றம் நடந்தாலும் மறுபடி கணக்கிடும். நீங்கள் வேகத்துக்காகத்தானே வாதாடினீர்கள்?

மருந்துக்கடை அக்கா
இது எங்கள் கடையிலும் உண்டு. விற்பனையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, குவிவு சதவீதம் 80-ஐத் தொடும் இடத்தில் கோடு போடுவோம். எந்த மருந்தைக் கண்டிப்பாக இருப்பில் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். நீங்களும் மாதங்களைப் பெரியதிலிருந்து அடுக்குங்கள் தம்பி.

பேரேடு
அக்கா, பொருள்வாரியாகப் பார்க்க அது சரியான முறை. மாதத்தை அடுக்கினால் அக்டோபர் முதலில் வந்து நிற்கும், ஆண்டு எப்படி நகர்ந்தது என்பது போய்விடும். இவருடைய பழைய ஃபார்முலாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. C2-வில் மட்டும் =B2 இருக்கிறது. அடுக்கும்போது ஏப்ரல் ஏழாவது வரிக்குப் போனால் அங்கே மொத்தம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

புதுக்கணக்கு
சதவீதத்துக்கு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதத்தின் பங்கையும் முழு எண்ணாக ROUND செய்து, அதையே மேலிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். தாள் சுத்தமாக இருக்கும்.

பேரேடு
ஜவுளிக்கணக்கு, உங்கள் 12 எண்களையும் போடுங்கள், இதைக் கூட்டிப் பார்த்துவிடலாம்.

ஜவுளிக்கணக்கு
ஸ்டால் இல்லாமல்: 7, 9, 6, 8, 11, 12, 22, 8, 9, 14, 6, 8.

பேரேடு
மொத்தம் 120. பங்குகளை முழு எண்ணாக்கினால் 6, 8, 5, 7, 9, 10, 18, 7, 8, 12, 5, 7. கூட்டினால் மார்ச்சில் 102 சதவீதம். 7.5 வந்த மே, டிசம்பர் இரண்டும் 8 ஆயின, 6.67 வந்த மூன்று மாதமும் 7 ஆயின, எல்லாம் சேர்ந்து 2 ஏறிவிட்டது. முழு எண்ணாக்கவே வேண்டாம். முதலில் தொகையைக் குவித்து, பிறகு வகுங்கள். ஸ்டால் வரியும் இருந்தால் 13-க்குப் பதில் 14:

```
=C2/SUM(B$2:B$13)
```

கடைசி வரி எப்போதும் 100 தான். தசமத்தைக் குறைப்பது செல் வடிவமைப்பில் மட்டும். மேல் எல்லையான B$2-இல் $ விட்டுப்போனாலும், =C2/C13 என்று $ இல்லாமல் போட்டாலும் இழுக்க இழுக்க வகுக்கும் எண் மாறிவிடும். இரண்டாவதில் அடுத்த வரியிலேயே #DIV/0! வரும்.

கிடங்குக்காரன்
அது ஆண்டு முடிந்த பிறகு. நடுவில் என்ன செய்வார்? செப்டம்பர் முடிவில் அவர் கையில் 53 தான். அன்றைக்கு ஏப்ரல், மே, ஜூன் சேர்ந்த 22 லட்சம் 41.5 சதவீதம் என்று காட்டும். மார்ச்சில் அதே 22 வெறும் 18.3. முதலாளி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் என்ன பதில் சொல்வார்?

பேரேடு
அதனால்தான் நடு ஆண்டில் இதுவரை வந்த மொத்தத்தால் வகுக்கக் கூடாது என்கிறேன். ஆண்டு இலக்கை ஒரு தனிச் செல்லில், F1-இல் வைத்து, =C2/F$1 போடுங்கள். இலக்கு 130 என்றால் செப்டம்பரில் 40.8 சதவீதம். மார்ச்சில் பழைய எண் மாறாமல் நிற்கும்.

கிடங்குக்காரன்
இலக்கே ஊகம்தானே? அதைவிடப் போன வருஷத்தின் குவிவு சதவீதத்தைப் பக்கத்தில் வைத்து மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம்.

பேரேடு
தீபாவளி அக்டோபரிலும் வரும், நவம்பரிலும் வரும். அந்த இரண்டு மாதத்தில் உங்கள் ஒப்பீடு ஜவுளிக்கடைக்கு உதவாது.

கிடங்குக்காரன்
நவம்பர் முடிவில் பார்த்தால் உதவும். அதுவரை பொறுக்கலாம்.

ஜவுளிக்கணக்கு
B$1 போட்டேன், நவம்பர் 86, மார்ச் 123 வந்துவிட்டது. இந்த ஆண்டுத் தாளில் இன்னும் வராத மாதங்களிலும் C-யில் கடைசி மொத்தமே ஓடுகிறது, வரைபடத்தில் கோடு படுத்துக்கிடக்கிறது. வெற்று மேற்கோள் போட்டால் பூஜ்யத்துக்கு விழுகிறது.

பேரேடு
கோடு வரைபடத்துக்கு என்றால் NA() போடுங்கள், அந்தப் புள்ளியை அது வரையாது:

```
=IF(B2="",NA(),SUM(B$1:B2))
```

தாளில் #N/A என்று தெரியும். அச்செடுத்துக் கொடுக்கும் தாளென்றால் அதற்குத் தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள்.