ஸ்டால் வாடகையைப் போல் பத்து மடங்கு விற்றாக வேண்டுமா?

களிமண்: கைவினைக் கண்காட்சியில் முதல் ஸ்டால் எடுக்கப் பார்க்கிறேன். வாடகையைப் போல் பத்து மடங்கு விற்காது என்று தோன்றினால் புக் செய்யாதே என்கிறார் நூல்கண்டு. சரியா?

மரத்தூள்: இந்தப் பத்து மடங்கைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மரப்பெட்டி 20க்குப் போகும். மரம், பாலிஷ், பேக்கிங், கார்டு கட்டணம் போக 5 நிற்கும். 20 பெட்டி விற்றால்தான் வாடகையே வரும். காதணியில் 10க்கு 6 நின்றால் 17 ஜோடி போதும். இரண்டு பேருக்கும் ஒரே மடங்கா?

நூல்கண்டு: வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பவா ஸ்டால் போடுகிறோம்? வண்டிக் கூலி, மேசை, கரண்ட் இணைப்பு, உதவிக்கு வரும் ஆள் இதெல்லாம் எங்கே? அதற்குத்தான் பத்து மடங்கு. பல வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

மரத்தூள்: செலவு இருந்தால் வாடகையோடு கூட்டுங்கள். அது ஒரு 80 என்றால் மொத்தம் 180; எனக்கு 36 பெட்டி. எட்டு மணி நேரத்தில் மணிக்கு நாலரை பெட்டி. அந்த வேகத்தில் என் பெட்டி என்றும் போனதில்லை, அதனால் புக் செய்ய மாட்டேன். உங்கள் பத்து மடங்குக்கு 50 பெட்டி வேண்டும். என் வண்டியில் அத்தனை ஏறவே ஏறாது!

ஊசிமுனை: வாடகையை விடுங்கள். எனக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள், யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. பணம் கட்டும் முன் வரைபடத்தில் ஸ்டால் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

நூல்கண்டு: நல்ல கூட்டம் வரும் இடமாக எடுத்தால் பத்து மடங்கு தானாக வரும். அமைப்பாளர்களே போன வருடக் கூட்டத்தைச் சொல்கிறார்களே.

மரத்தூள்: அது வாசலில் நுழைந்தவர்களின் கணக்கு. நுழைவு இலவசம் என்றால் வேடிக்கை பார்க்க வருபவர்களும் அதில் சேர்த்தி. போன வருடம் உங்கள் விலையில் பொருள் விற்றவர்களைத் தேடிப் பிடித்து, இந்த வருடமும் ஸ்டால் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களைப் போல் அதே பொருளை வைத்து எத்தனை ஸ்டால் என்றும் கேளுங்கள்.

நூல்கண்டு: விலையைக் குறைத்துச் சந்தையைக் கெடுக்கிறேன் என்று என்னைச் சொன்னவர்தானே நீங்கள்? 20க்கு 5 நிற்கிறது என்றால் முதலில் உங்கள் விலையைச் சரிசெய்யுங்கள்.

மரத்தூள்: கெடுக்கிறீர்கள் என்று இப்போதும் சொல்வேன். என் விலைக்கும் உங்கள் பத்து மடங்குக்கும் என்ன சம்பந்தம்?

களிமண்: என் கோப்பையில் 20க்கு 8 நிற்கும். ஆனால் செய்யும் நேரத்துக்குக் கூலி சேர்க்கவில்லை. அதைச் சேர்க்க வேண்டுமா?

நூல்கண்டு: பத்து மடங்கு வந்தால் அதற்குள் கூலியும் வந்துவிடும்.

மரத்தூள்: எப்படி வரும்? ஒரு கோப்பைக்கு எவ்வளவு நேரம் என்றாவது அவரிடம் கேட்டீர்களா?