பக்கத்தைத் தமிழாக்கினால் பணம் கட்டும் திரை உறைகிறது, வழி சொல்லுங்கள்

நாங்கள் இருப்பது ஜெர்மனி, ஸ்டுட்கார்ட். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு வியாழன் காலை 10:30க்கு வீடியோவில் தோல் மருத்துவர். இங்கே காப்பீடு இல்லாததால் Selbstzahler, அதாவது கையிலிருந்து பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் நான் வேலையில் இருப்பேன், அம்மா தனியாகத்தான் உள்ளே போகணும்.

போன் சாம்சங் A54, குரோம் பிரவுசர். பக்கத்தைத் தமிழுக்கு மாற்றினால் படிக்க முடிகிறது, ஆனால் கடைசியில் பணம் கட்டுவதை உறுதி செய்யும் Zahlungspflichtig bestellen பொத்தானை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை, சில சமயம் திரையே வெள்ளையாகிவிடுகிறது. குரோமின் மொழிபெயர்ப்பு பக்கத்தில் உள்ள எழுத்துகளையே மாற்றிப்போடுவதால் தளத்தின் நிரல் குழம்புகிறது போல. மொழிபெயர்ப்பை நிறுத்தினால் பொத்தான் வேலை செய்கிறது, ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் புரியாது.

ரிப்போர்ட்டுகளை நேற்றே PDF ஆக ஏற்றிவிட்டேன், அதில் சிக்கல் இல்லை. கேச் அழித்தேன், லேப்டாப்பிலும் முயன்றேன், அதே கதைதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் பார்க்கலாம் என்றால், வேறு ஆப்புக்குப் போனதும் காத்திருப்பு அறை (Wartezimmer) இணைப்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து வரச் சொல்கிறது. முன்கூட்டியே கட்டலாமா என்றால், அந்த அறைக்குள் நுழைந்த பிறகுதான் பணத் திரையே வருகிறது. கார்டு ஒப்புதல் என் பேங்க் ஆப்புக்கு வரும், அதை நான் ஆபீஸிலிருந்தே கொடுத்துவிடுவேன்.

பக்கத்தை மாற்றாமல், அந்தத் திரையை விட்டு வெளியேறாமல், அதன் மேலேயே தமிழில் காட்டுகிற வழி ஆண்ட்ராய்டில் யாருக்காவது தெரியுமா?